குடோன் கையேட்டில் ஒரு வரி, பாதி துணி காணோம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அவிநாசி, பனியன் கம்பெனி கம்ப்யூட்டர் பிரிவு

சாயப்பட்டறைக்குப் போய்வரும் துணியின் கணக்குக்காக எங்கள் கம்பெனியில் நாங்களே ஒரு சாப்ட்வேர் செய்திருக்கிறோம். அதற்குக் கையேடு எழுதியவன் நான். மெனு வரிசைப்படி 30 பக்கம், பட்டனுக்கு ஒரு விளக்கம். போன ஐப்பசியில் நடந்தது இது.

ஒரு லாட்டில் 420 கிலோ கிரே துணி சாயத்துக்குப் போயிருந்தது. முதல் லோடில் 212 கிலோ திரும்பி வந்தது. குடோன் அண்ணன் கையேட்டைப் பக்கத்தில் விரித்து, வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பதிந்தார். ஐந்தாவது வரி, "`Close Lot` அழுத்தவும்". அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "குறிப்பு: மீதித் துணி வரவேண்டி இருந்தால் அழுத்தக் கூடாது". வரியைப் படித்ததும் அழுத்திவிட்டார். குறிப்புக்கு விரல் வந்தபோது லாட் மூடியாயிற்று. வராத 208 கிலோவையும் சாப்ட்வேர் சாய நஷ்டத்தில் சேர்த்துவிட்டது.

மூன்று நாள் கழித்து மீதி 190 கிலோ வந்தபோது லாட் நம்பர் பட்டியலிலேயே இல்லை. அவர் நோட்டில் எழுதி வைத்தார். கட்டிங் மாஸ்டர் துணி இல்லை என்கிறார், குடோனில் ரோல் அடுக்கியிருக்கிறது. மாதக் கடைசி அறிக்கையில் நஷ்டம் ஏறக்குறைய பாதி என்று வந்தபோதுதான் பிடிபட்டது. உண்மையில் போனது 18 கிலோ. திட்டு வாங்கியது அந்த அண்ணன். தப்பு நான் எழுதிய வரிசையில் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. இப்போது மறுபடி எழுதுகிறேன். நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

கோவை, பம்பு கம்பெனி

எழுத்தைக் குறைத்து, ஒவ்வொரு படிக்கும் ஸ்கிரீன் படம் போட்டுவிடுங்க. எங்கள் ஸ்டோர்ஸில் அப்படித்தான். படத்தைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

கோபி, மஞ்சள் வியாபாரம்

நாங்களும் மூட்டைக் கணக்குக்கு ஒரு சாப்ட்வேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது விலைக்குக் கிடைக்குமுங்களா? தமிழில் வருமா?

ஈரோடு, நெசவு ஆலையில் பயிற்சி கொடுப்பவர்

அவிநாசித் தம்பிக்கு, பதினோரு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். கையில் மௌஸ் இருக்கிறவர் முழுப் பக்கத்தையும் படித்துவிட்டு ஆரம்பிக்கமாட்டார். ஒரு வரி படிப்பார், ஒரு வேலை செய்வார். அதனால் "எப்போது" என்பது "செய்" என்பதற்கு முன்னால் அதே வரியில் வரவேண்டும். குறிப்பு என்று கீழே போட்டால் அது எப்போதும் பிந்தித்தான் போய்ச் சேரும்.

மெனு வரிசையையும் விட்டுவிடுங்கள். குடோனில் இருப்பவருக்கு மெனு தெரியாது, வாசலில் வண்டி வந்து நிற்பதுதான் தெரியும். "சாயத்தில் இருந்து துணி வந்தால்" என்று ஒரு பக்கம், "சாயத்துக்கு அனுப்பினால்" என்று ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு வரிக்கும் பிறகு திரையில் என்ன தெரியவேண்டும் என்று எழுதுங்கள். அது தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடுவார்.

கோவை அண்ணா சொன்ன படம் நல்லதுதான், ஆனால் கண் தேடித் தடுமாறும் இடத்துக்கு மட்டும் போடுங்கள். `Close Lot` எங்கே இருக்கிறது என்று படம் காட்டும், எப்போது அழுத்தக் கூடாது என்று காட்டாது. அதோடு திரையை மாற்றினால் எல்லாப் படமும் பழசாகிவிடும்.

எழுதி முடித்ததும் அந்த வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, பின்னால் நின்று பாருங்கள். வாயைத் திறக்கக் கூடாது.

அவிநாசி

நன்றிங்க அக்கா. புதுப் பக்கத்தில் அந்த இடம் இப்படி ஆகியிருக்கிறது:

> 4. `Save` அழுத்தவும். மேலே பச்சைப் பட்டையில் `Saved` என்று வரும்.
> 5. இந்த லாட்டில் இன்னும் துணி வரவேண்டி இருந்தால் இத்துடன் நிறுத்தவும். இதுவே கடைசி லோடு என்றால் மட்டும் `Close Lot` அழுத்தவும்.

பட்டன் பெயரை "சேவ்" என்று தமிழில் எழுதலாமா என்றும் யோசித்தேன். திரையில் இருக்கிற எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அண்ணன் அழுத்துகிறார், அதனால் அப்படியே விட்டேன்.

நீங்கள் சொன்னபடி செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்காவை உட்காரவைத்துப் பின்னால் நின்றேன். `Close Lot` பக்கமே போகவில்லை, சரியாக நிறுத்தினார். ஆனால் மூன்றாவது வரியில், "எடையைப் பதியவும்" என்ற இடத்தில், கை நின்றுவிட்டது. "எந்த எடைங்க தம்பி? பட்டறை டெலிவரி சலானில் இருக்கிறதா, நம்ம தராசில் வந்ததா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அக்கவுண்ட்ஸில் கேட்டால் பில்லோடு சேரவேண்டும், சலான் எடைதான் என்கிறார்கள். குடோனில் தராசு எடைதான் என்கிறார்கள், இத்தனை நாளும் அதைத்தான் பதிந்திருக்கிறார்கள்.

ஈரோடு

அதைக் கையேட்டில் தீர்க்க முடியாது தம்பி. இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து முதலாளியிடம் கேளுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

அவிநாசி

வியாழக்கிழமை கேட்கிறேன். இரண்டு எடைக்கும் தனித்தனிக் கட்டம் வைத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. அதில் வேறு குழப்பம் வருமோ தெரியவில்லை, யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.