அழித்த பிறகும் வட்டு 100% நிரம்பியிருக்கிறது: அடுத்த அடியை எடுக்கலாமா?

வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்று, 40 ஜிபி வட்டு. காலையில் தரவுத்தளம் நின்றுவிட்டது. புதிதாக உள்ளே நுழைய முயன்றால் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு இணைப்பு அறுந்துபோகிறது. நேற்று இரவு மூட மறந்த ஒரே ஒரு ரூட் முனையம் மட்டும் உயிரோடு இருக்கிறது. என் சோம்பல் ஒருமுறையாவது பயன்பட்டது.

அதில் தேடியபோது 22 ஜிபிக்கு வளர்ந்த பதிவுக் கோப்பு ஒன்று கிடைத்தது. அவசரத்தில் `rm` கொடுத்துவிட்டேன். பெயர் மறைந்தது, `df` இன்னும் 100% என்றே காட்டுகிறது. `lsof +L1` பார்த்ததும் காரணம் புரிந்தது: அதை எழுதும் நிரல் (எண் 1873) கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. அது மூடும்வரை இடம் திரும்பாது.

நிரலை நிறுத்தினால் வேலை முடிந்துவிடும். ஆனால் அது இரண்டு நாளாக ஓடும் கணக்கீட்டின் நடுவில் இருக்கிறது. ஆகவே கோப்பை உள்ளிருந்தே காலியாக்க நினைக்கிறேன்:

```
cat /proc/1873/fdinfo/4
: > /proc/1873/fd/4
```

முதல் வரியில் `flags: 0100001` என்று வந்தது. அதாவது, கோப்பின் இறுதியில் சேர்க்கும் முறையில் திறக்கவில்லை. காலியாக்கினாலும் நிரல் பழைய 22 ஜிபி இடத்திலிருந்தே எழுதும். நடுவில் வெற்றுத் துளை விழும், அது வட்டில் இடம் பிடிக்காது என்று நினைக்கிறேன். சரிதானா?

இடம் கிடைத்ததும் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடங்கலாமா, அதன் கோப்புகளை முதலில் நகலெடுக்க வேண்டுமா? மறுதொடக்கம் செய்யச் சொல்லாதீர்கள். அதன் பிறகும் நுழைய முடியாவிட்டால் இந்த முனையமும் போய்விடும்.