பக்கத்து வீட்டில் விக்கெட், நம்ம ஆப்பில் இன்னும் ரன்-அப்

ஃபைன் லெக்
பக்கத்து வீட்டில் டிடிஎச். அவங்க கத்தி ஓய்ஞ்ச பிறகுதான் என் மொபைல் ஆப்பில் பவுலர் ஓடி வர்றான். அரை நிமிஷம் இருக்கும். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். 300க்கு மாறினா சரியாகுமா?

மெகாபிட்
முதல்ல ரவுட்டரைப் பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இருந்தா 5க்கு மாத்துங்க, முடிஞ்சா கேபிள் போடுங்க. நெட் தடுமாறினா படம் பின்தங்கத்தான் செய்யும். 300 பிளானும் போட்டா நிச்சயம் குறையும்.

நாலாவது ஸ்டம்ப்
ரவுட்டர் பத்திச் சொன்னது பாதி சரி, அதுக்குப் பிறகு வர்றேன். பிளான் பத்திச் சொன்னது தப்பு. நல்ல தரத்துல ஒரு கிரிக்கெட் ஸ்ட்ரீம் 10 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுறதே அபூர்வம். 100ல வராத படம் 300ல முன்கூட்டி வந்துடாது. இன்னும் சர்வர்ல உருவாகாத துண்டை எந்த வேகத்துல இறக்க முடியும்?

ஆமாம், துண்டு. டிவிக்குப் படம் குழாய்த் தண்ணி மாதிரி ஓடி வருது. ஆப்புக்கு வர்றது சின்னச் சின்ன ஃபைல்கள். இப்படித் துண்டு துண்டா அனுப்புற எச்எல்எஸ் முறையில ஒரு ஃபைலுக்கு 6 வினாடின்னு ஆப்பிள் பரிந்துரைக்குது, பல இடத்துல அப்படித்தான் வைக்கிறாங்க. கணினி பிரவுசர்ல மேட்ச் ஓடும்போது எஃப்12 தட்டி, நெட்வொர்க் பக்கத்துல `m3u8`னு தேடினா இப்படி ஒரு பட்டியல் சிக்கலாம்:

```
#EXTM3U
#EXT-X-VERSION:3
#EXT-X-TARGETDURATION:6
#EXT-X-MEDIA-SEQUENCE:4821
#EXTINF:6.000,
seg4821.ts
#EXTINF:6.000,
seg4822.ts
#EXTINF:6.000,
seg4823.ts
```

கடைசித் துண்டுல இருந்து ஆரம்பிக்கக் கூடாது, பட்டியலோட முடிவுல இருந்து குறைஞ்சது மூணு துண்டு பின்னால நின்னு ஆரம்பிக்கணும்னு எச்எல்எஸ் விதியே சொல்லுது. அதுலேயே 18 வினாடி போச்சு.

ஃபைன் லெக்
18 சரி. மீதி எங்க போகுது? துண்டு உருவாக 6 வினாடி ஆகும்ல, அதையும் சேர்த்தா 24தானே?

நாலாவது ஸ்டம்ப்
அந்த 6ஐ முழுசா இன்னொரு தடவை எண்ணாதீங்க. மூணு துண்டுங்கிற கணக்குலேயே அது அடங்கிடுச்சு. ஆனா புதுத் துண்டு இப்பத்தான் பட்டியல்ல ஏறிச்சா, ஏறப்போகுதா என்பதைப் பொறுத்து 0ல இருந்து 6 வரை கூடும். நடுவுல 3னு வச்சுக்குங்க. ஒரே படத்தை அஞ்சாறு தரத்துல என்கோட் பண்ணி, திருடாம இருக்கப் பூட்டு போட்டு, ஊர் ஊரா நகல் வச்சிருக்கிற சிடிஎன் சர்வர்கள் வழியா உங்க ஊருக்குக் கொண்டு வர இன்னும் 4, 5 வினாடி. மைதானத்துல இருந்து ஒளிபரப்பு நிலையம் வந்து கிராஃபிக்ஸ் ஏறுறதுக்கு ரெண்டு மூணு. கூட்டினா 28 பக்கம் நிக்குது. இதுல உங்க வீட்டு நெட் சேர்த்தது எதுவுமே இல்லை.

டிடிஎச்சும் உடனுக்குடன் வர்றதில்லை. செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, ஒரு தடவை மேல போய்க் கீழ வரக் கால் வினாடி. மைதானத்துல இருந்து நிலையத்துக்கு ஒண்ணு, டிடிஎச் கம்பெனிக்கு ஒண்ணு, உங்க மாடி டிஷ்ஷுக்கு ஒண்ணுன்னு மூணு தடவை போனாலும் முக்கால் வினாடிதான். என்கோடிங்தான் மீதியைச் சாப்பிடுது, மொத்தம் அஞ்சாறு வினாடி வரும். அதனாலதான் பக்கத்து வீடு உங்களைவிட இருபது சொச்சம் வினாடி முன்னால இருக்கு.

டி20ல 20 ஓவரை முடிக்க 85 நிமிஷம், அதாவது பந்துக்கு 42 வினாடி. அவங்க கத்தி முடிச்ச பிறகு உங்களுக்கு ரன்-அப் வர்றது கணக்குக்குச் சரியாத்தான் இருக்கு.

கேபிள் கண்ணன்
நல்லா சமாளிக்கிறீங்க. உண்மையில வேணும்னே தாமதிக்கிறாங்க. ஒண்ணு விளம்பரம், ரெண்டாவது பெட்டிங். மைதானத்துல உட்கார்ந்து போன்ல ஸ்கோர் சொல்ற ஆளுங்களைப் பிடிச்ச செய்தியெல்லாம் படிச்சதில்லையா? படம் சீக்கிரம் வந்தா யாருக்கு நஷ்டம்னு யோசிங்க.

நாலாவது ஸ்டம்ப்
மைதானத்துல இருந்து தகவல் கடத்துற ஆளுங்க இருக்காங்க, அது உண்மை. ஆனா அவங்க பணம் பண்றதே படம் தாமதமா வர்றதாலதான். பெட்டிங்கைத் தடுக்க நினைக்கிறவன் தாமதத்தைக் குறைக்கணும், கூட்டக் கூடாது. விளம்பரம் பத்தி நீங்க சொன்னதுல விஷயம் இருக்கு. ஓவர் முடிவுல ஆளுக்கொரு விளம்பரம் ஒட்டணும்னா சர்வர் சில வினாடி முன்கூட்டியே முடிவெடுக்கணும், அதுக்கு இடைவெளி விட்டு வைப்பாங்க. ஆனா அந்த 18 வினாடிக்குக் காரணம் அது இல்லை.

ஸ்கொயர் கட்
நான் ஸ்டம்ப் சாரோட ஒத்துப்போறேன், ஒரு இடத்துல தவிர. மூணு துண்டு ஏதோ பழைய விதிங்கிற மாதிரி பேசுறீங்க. அந்த 18 வினாடி வீண் இல்லை, பார்க்கிறவனுக்குக் காப்பு. ரயில்ல போறவனுக்கு 10 வினாடி சிக்னல் போனாலும் படம் நிக்காது. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 5.9 கோடி பேர் பார்த்ததா அறிவிச்சாங்க. அவ்வளவு பேர்ல பாதிக்கு மேல மொபைல் டேட்டாவாத்தான் இருக்கும். அரை நிமிஷம் பின்னால வந்தாலும் பரவாயில்லை, கடைசி ஓவர்ல சக்கரம் சுத்தக் கூடாது.

நாலாவது ஸ்டம்ப்
ஃபைபர்ல இருக்கிறவனுக்கும் அதே 18 எதுக்கு? துண்டை 2 வினாடி ஆக்குங்க. மூணு துண்டு 6 வினாடி, மத்ததோட சேர்த்தா 14, 15. துண்டையும் அரை வினாடிக் கீற்றாக்கி, உருவாகும்போதே அனுப்பினா எட்டு ஒன்பது வினாடிக்கு இறங்கிடும், டிடிஎச்சுக்குப் பக்கத்துல. ஆப்பிள் அதுக்கான எச்எல்எஸ் வடிவத்தை 2019லேயே அறிவிச்சாச்சு.

ஸ்கொயர் கட்
காகிதத்துல சரி. ஒவ்வொரு துண்டும் ஒரு கீஃப்ரேம்ல தொடங்கணும். அது முழுப் படம், எடை அதிகம். 6 வினாடிக்கு ஒண்ணு வைக்கிற இடத்துல மூணு வச்சா அதே தரத்துக்குக் கூடுதல் டேட்டா வேணும். கிரிக்கெட்ல கேமரா எல்லைக்கோடு வரை சுத்தும், பின்னால புல்லு, கூட்டம். அங்கதான் படம் கட்டம் கட்டமா உடையும். சர்வர் பக்கம் பாருங்க: 5 கோடி பேர் 6 வினாடிக்கு ஒரு துண்டு கேட்டா வினாடிக்கு 83 லட்சம் கோரிக்கை. 2 வினாடின்னா இரண்டரைக் கோடி. பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது தனி.

கீற்று முறையில இன்னொரு வில்லங்கம். துண்டு உருவாக உருவாகச் சொட்டுச் சொட்டா வருதா, 3 எம்பிபிஎஸ் படம்னா உங்க நெட் வேகமே 3தான்னு பிளேயர் நினைச்சுக்கும். மேல் தரத்துக்கே ஏறாது. தீர்வு இருக்கு, ஆனா எல்லா டிவி ஆப்லயும் சரியா வேலை செய்ய வைக்கிறது சும்மா இல்லை.

நாலாவது ஸ்டம்ப்
கீஃப்ரேமைத் துண்டோட முடிச்சுப் போடாதீங்க. தரம் மாத்த வசதியா 6 வினாடித் துண்டுக்குள்ளயே 2 வினாடிக்கு ஒரு கீஃப்ரேம் வைக்கிறவங்க நிறைய. அவங்களுக்கு அந்தக் கூடுதல் டேட்டா ஏற்கெனவே போயிட்டுத்தான் இருக்கு. சர்வர் சுமையை ஒத்துக்கிறேன். எல்லாருக்கும் வேண்டாம், வைஃபைல இருக்கிறவனுக்கு மட்டும் விருப்பமா ஒரு பட்டன் குடுக்கலாமே?

ஸ்கொயர் கட்
ரெண்டு விதமா தயார் பண்ணி, ரெண்டு விதமா சிடிஎன்ல சேமிக்கிற செலவு யார் தலையில? பட்டன் கேட்கிறது சுலபம்.

கீழத்தெரு லெவன்
எங்க ஊர் டென்னிஸ் பால் போட்டியை ஓபிஎஸ் சாஃப்ட்வேர் வச்சு யூடியூப்ல போடுறோம். அதுவும் முப்பது வினாடிக்கு மேல லேட். இதுவும் சிடிஎன் செலவா?

நாலாவது ஸ்டம்ப்
அது உங்க கையில இருக்கு. ஓபிஎஸ் அவுட்புட் அமைப்புல `Keyframe Interval` 0ன்னு இருந்தா 2 ஆக்குங்க. 0ல விட்டா எக்ஸ்264 என்கோடர் 250 ஃபிரேமுக்கு ஒண்ணுதான் வைக்கும், 25 எஃப்பிஎஸ்ல அது 10 வினாடி. அப்புறம் யூடியூப் ஸ்டூடியோவுல லேட்டன்சியை `Ultra low-latency`க்கு மாத்துங்க. அந்த அமைப்புல 4கே கிடையாது, உங்களுக்கு அது தேவைப்படாது. பார்க்கிறவங்க வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி `Stats for nerds` போனா `Live Latency`னு வினாடி எண்ணிக்கை தெரியும். ஆனா மைதானத்துல மொபைல் டேட்டா அப்லோட் ஆட்டம் கண்டா, இந்த அமைப்புல படம் அடிக்கடி நிக்கும். அப்ப நடுவுல இருக்கிற `Low-latency` போதும்.

ஃபைன் லெக், ஒரு சோதனை பண்ணுங்க. மேட்ச் தொடங்கின உடனே பக்கத்து வீட்டு டிவிக்கும் உங்க போனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டாப்வாட்ச்ல எடுங்க. மூணு பந்துக்கு எடுத்துச் சராசரி போடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுங்க.

ஃபைன் லெக்
இன்னிக்கு எடுத்தேன். தொடக்கத்துல 24. ரெண்டாவது இன்னிங்ஸ் 12வது ஓவர்ல 41! இது எப்படி வளரும்?

நாலாவது ஸ்டம்ப்
மெகாபிட் சொன்ன பாதி இங்கதான் வருது. முதல் 24 அவங்க அமைப்பு, உங்களால தொட முடியாது. கூடின 17 உங்க வீட்டுது. படம் நின்னு சக்கரம் சுத்தின ஒவ்வொரு தடவையும், பல பிளேயர்கள் விட்ட இடத்துல இருந்தே தொடரும். 5 வினாடி நின்னா 5 வினாடி நிரந்தரமாச் சேரும். போன் வந்து எடுத்துப் பேசினாலும் அதே கதை. சில பிளேயர்கள் காதுக்குத் தெரியாத அளவு வேகமா ஓட்டி அந்தக் கடனை அடைக்கும், உங்களது அடைக்கலைன்னு தெரியுது.

திரையில இருக்கிற லைவ் பட்டனைத் தட்டுங்க. பட்டன் இல்லைன்னா ஆப்பை முழுசா மூடித் திறங்க. 24 பக்கம் வந்துடும். அப்புறம் தரத்தை ஆட்டோல விடாம ஒரு படி கீழ பூட்டி வைங்க. அது தாமதத்தைக் குறைக்காது, நிக்கிறதைக் குறைக்கும், அதனால வளராது. 5 கிகாஹெர்ட்ஸ், கேபிள் எல்லாம் இதுக்குத்தான் உதவும்.

ஃபைன் லெக்
தட்டினேன், 25 ஆச்சு. 300 பிளான் வேண்டாம்னு முடிவு. ஆனா ஸ்கோர் ஆப் நோட்டிஃபிகேஷன் மட்டும் இன்னும் முன்னாடியே வந்து விக்கெட்னு சொல்லுது.

மெகாபிட்
அதை ஆஃப் பண்ணுங்க. மைதானத்துல பார்த்து ஒருத்தர் தட்டுறது, நாலு எழுத்து, துண்டும் இல்லை பஃபரும் இல்லை. குடும்ப வாட்சப் குரூப்பையும் மியூட்ல போடுங்க, மாமாக்கள்தான் பெரிய ஆபத்து.

கேபிள் கண்ணன்
எல்லாம் சரி. விளம்பரத்துக்கு எத்தனை வினாடி ஒதுக்குறாங்கன்னு யாரும் சொல்லலையே?

ஸ்கொயர் கட்
ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற, வெளியில சொல்ல மாட்டாங்க. ஃபைன் லெக், பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸ்ல ரெக்கார்டிங் வசதி இருந்தா 25 வினாடி பாஸ் பண்ணி வைக்கச் சொல்லுங்க. ரெண்டு வீட்லயும் ஒண்ணா கத்தலாம்.

ஃபைன் லெக்
கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க.