பிறழ்சாட்சியின் 161 வாக்குமூலத்தைச் செய்தியில் போடலாமா?

தென் மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஒன்றில் நடக்கும் கொலை வழக்கைச் செய்தியாக்கி வருகிறேன். சம்பவம் 2022இல் நடந்தது. இப்போது சாட்சி விசாரணை ஓடுகிறது.

போன வியாழன் நேரில் பார்த்த சாட்சி கூண்டில் ஏறி, "நான் எதையும் பார்க்கவில்லை" என்றார். அவரைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கச் செய்து, முன்பு போலீஸ் விசாரணையில் அவர் சொன்ன 161 வாக்குமூலத்திலிருந்து இரண்டே வரிகளை வாசித்துக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்தார் அரசு வழக்கறிஞர். இரண்டையும் சாட்சி மறுத்தார். முழு வாக்குமூலத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரும் அரிவாளும் வருகின்றன. முழுசாகப் போடச் சொல்கிறார் ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. புலன்விசாரணை அதிகாரி இன்னும் சாட்சியம் சொல்லவில்லை. ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு.

1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தைப் படித்தேன். நீதிமன்ற நடவடிக்கையை நேர்மையாக, துல்லியமாகச் சொன்னால் பிரிவு 4 காக்கும். ஆனால் நீதிமன்றத்தில் வாசிக்கப்படாத பகுதி 'நடவடிக்கை' ஆகாதே. வழக்கு நிலுவையில் இருப்பது தெரிந்தே போடுவதால் பிரிவு 3இன் பாதுகாப்பும் கிடைக்காது. அரசு வழக்கறிஞரிடம் கேட்டேன், பதில் சொல்ல மறுத்துவிட்டார். சாட்சிய நகலுக்கு மனு போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. செய்திக்குத் தடை உத்தரவு எதுவும் இல்லை.

நீதிமன்றப் பணியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: வாசிக்கப்பட்ட அந்த இரண்டு வரிகளையும் சாட்சியின் மறுப்பையும் சேர்த்துப் போட்டால் பிரிவு 4க்குள் நிற்குமா?