20 கட்டத்துக்குள் அடங்காத பேர்: இனிஷியல் முன்னாலா, பின்னாலா?

பொருநைக்கரை:
என் மகன் பேர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் VENKATASUBRAMANIAN K S. K எங்கள் ஊர், S என் பேர். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் என் பேரை, SUNDARAM என்று, போட்டிருக்கிறோம். சிங்கப்பூர் போனபோது போர்டிங் பாஸில் SUNDARAM/VENKATASUBR என்று வந்தது. இப்போது ஒரு நுழைவுத்தேர்வு ஹால் டிக்கெட்டில் VENKATASUBRAMANIAN K என்று வந்திருக்கிறது, என் இனிஷியலையே காணோம். ஏன் இப்படி வெட்டுகிறார்கள்? இனிஷியலை எங்கே போட்டால் தப்பிக்கும்?

செந்தூர் கணேஷ்:
இரண்டையும் எண்ணிப் பாருங்கள் சார், சரியாக 20இல் நிற்கிறது. காரணம் ஒன்றேதான்: எப்போதோ எழுதிய சாஃப்ட்வேர், யாரும் மாற்றவில்லை. இடம் மிச்சம் பிடிக்க வேண்டிய காலமெல்லாம் போய்விட்டது, இது வெறும் அலட்சியம். தீர்வும் ஒன்றுதான். நம் பெரியவர்கள் எழுதிய மாதிரி இனிஷியலை முன்னால் போடுங்கள். வெட்டு எப்போதும் வால் பக்கம்தான் விழும், தலையில் இருப்பது தப்பிக்கும்.

கவுன்டர் பழனி:
ரொம்ப வருஷம் ஏர்போர்ட் செக்-இன் கவுன்டரில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கணேஷ் தம்பி சொன்னதில் வால் பக்கம் வெட்டு விழும் என்பது சரி. இரண்டுக்கும் காரணம் ஒன்று என்பது சரியில்லை.

போர்டிங் பாஸில் இருக்கும் பார்கோடு உலகம் முழுக்க ஒரே அமைப்பு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்தது. ஒரு பயணத்துக்கு 60 எழுத்து கட்டாயம், ஒவ்வொரு தகவலுக்கும் அதில் நிலையான இடம். ஒரு மாதிரி:

```
M1SUNDARAM/VENKATASUBREABC123 MAASINXX 0123 145Y012A0045 100
```

முதல் இரண்டு எழுத்துக்குப் பிறகு மூன்றாவது இடத்திலிருந்து 22ஆவது இடம் வரை பேர். 23ஆவதாக வரும் E இ-டிக்கெட் என்பதைக் காட்டுகிறது. அப்புறம் பிஎன்ஆர், கிளம்பும் ஊர், சேரும் ஊர், விமான எண். 145 என்பது வருஷத்தின் 145ஆவது நாள். சென்னை கேட்டில் இருக்கிற ஸ்கேனரும் சிங்கப்பூர் கேட்டில் இருக்கிற ஸ்கேனரும் இடத்தை எண்ணித்தான் படிக்கின்றன. ஒரு கம்பெனி மட்டும் பேருக்கு 30 இடம் கொடுத்தால் அதற்கு அடுத்ததெல்லாம் நகர்ந்து, சீட் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ படிக்கும். அதனால் இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றினால் எல்லா ஊரிலும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

இந்த வெட்டால் பயணத்துக்குத் தொந்தரவு வராது. முழுப் பேர் டிக்கெட் பதிவில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் விமானக் கம்பெனி தளத்தில் பிஎன்ஆர் போட்டு உங்கள் புக்கிங்கைத் திறங்கள். அங்கே முழுசாக இருந்தால் போர்டிங் பாஸில் மட்டும் சுருங்கியிருக்கிறது, விட்டுவிடலாம். அங்கேயே குறைந்திருந்தால் டிக்கெட் போட்டவர் தப்பாக அடித்திருக்கிறார், பயணத்துக்கு முன்பே திருத்த வேண்டும். அப்புறம், தயவுசெய்து போர்டிங் பாஸைப் படம் எடுத்து எங்கேயும் போடாதீர்கள். பார்கோடுக்குள் பிஎன்ஆர் அப்படியே இருக்கிறது.

கரூர் ராஜ்:
பேரைச் சுருக்க அரசிதழில் விளம்பரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமே? எழுதுபொருள் அச்சுத்துறையில் விண்ணப்பம் கிடைக்கும். என் தங்கைக்கு அப்படித்தான் செய்தோம்.

பொருநைக்கரை:
பேரை மாற்ற வேண்டாம் ராஜ். அது எங்கள் தாத்தா பேர். அதை எப்படி எழுதுவது என்றுதான் கேட்கிறேன்.

செந்தூர் கணேஷ்:
பழனி அண்ணே, பார்கோடு விளக்கம் சரி. ஆனால் நீங்கள் சொல்வதே என் பக்கம்தான் நிற்கிறது. சர்நேம் முன்னால் நிற்பதால் அப்பா பேர் முழுசாகப் பிழைக்கிறது, பயணம் போகிற பிள்ளையின் பேர் அறுபடுகிறது. அந்த இடத்தில் SUNDARAM என்பதற்குப் பதிலாக KS இருந்தால் எல்லாமே தீர்ந்துவிடுமே?

கவுன்டர் பழனி:
கணக்குப்படி நீ சொல்வது சரி தம்பி. KS/VENKATASUBRAMANIA, கடைசி N மட்டும் போகும். நீளமான அப்பா பேர் வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிசு. அப்பா BALASUBRAMANIAM என்று வைத்துக்கொள். 15 எழுத்து, சாய்கோடு ஒன்று, மிச்சம் நாலே இடம். VENKATAKRISHNAN என்ற அண்ணனும் VENKATESAN என்ற தம்பியும் ஒரே விமானத்தில் போனால் இரண்டு பேருக்கும் BALASUBRAMANIAM/VENK என்றுதான் வரும். ஒருவர் பாஸை மற்றவர் நீட்டிவிட்டால் கேட்டில் இருப்பவர் பேரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சீட் எண்ணையும் செக்-இன் வரிசை எண்ணையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் பாஸ் கையில் வந்ததும் சீட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெளிநாட்டுப் பயணத்தில் KS போடக் கூடாது. நம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் SUNDARAM இருக்கும்போது டிக்கெட்டில் KS இருந்தால், சுருங்கின பேர் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வேறு ஆளின் பேர் என்றுதான் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் << குறிகளோடு வருகிற வரியைப் பாருங்கள். அதில் பேருக்கு 39 இடம் உண்டு, அதோடுதான் டிக்கெட் பொருந்த வேண்டும்.

உள்நாட்டுப் பயணம் வேறு கதை. ஆதாரில் Venkatasubramanian K S என்றிருந்தால் சர்நேம் கட்டத்தில் KS, முதல் பேர் கட்டத்தில் VENKATASUBRAMANIAN. இரண்டு எழுத்து இருப்பதால் பெரும்பாலும் ஏற்கும். ஒற்றை இனிஷியல் உள்ளவர்களுக்குத்தான் சிக்கல். சர்நேமில் ஒரு எழுத்தைப் பல தளங்கள் ஏற்பதில்லை.

இன்னொன்று. பேரோடு MR, MS ஒட்டிக்கொண்டு VENKATASUBRAMANIANMR என்று வந்தால் எழுத்துப்பிழை என்று பயந்து போன் போட வேண்டாம். பழைய முறையில் அப்படித்தான் சேர்த்து எழுதுவார்கள்.

ஷார்ஜா பஷீர்:
சர்நேமை விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள். என் மச்சானுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பேர், சர்நேம் காலி. சின்னப் பேர், எந்தக் கட்டத்திலும் அடங்கும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் இருப்பவர்களை விசிட் விசாவில் ஏற்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததும் டிக்கெட் போட்ட பயணம் நின்றுபோனது. டிக்கெட் எடுக்கும்போதும் அவருக்குத் தொல்லைதான். ஒரு கம்பெனி இரண்டு கட்டத்திலும் ஒரே பேரைப் போடச் சொல்லும், இன்னொன்று முதல் பேர் கட்டத்தில், முதல் பேர் தெரியாது என்பதன் சுருக்கமாக, FNU என்று போடச் சொல்லும். பேர் நீளமாக இருந்தால் பாதி வெட்டு விழும், அவ்வளவுதான். ஒரு பாதியே இல்லாவிட்டால் பயணமே நிற்கும்.

வாசுகி டீச்சர்:
விமானத்தை விட்டு ஹால் டிக்கெட்டுக்கு வருகிறேன். பல வருஷமாகத் தேர்வு அறைக் கண்காணிப்புக்குப் போகிறேன். கணேஷ் சொல்வதுபோல இனிஷியலை முன்னால் தூக்கிப் போடுவதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சான்றிதழில் பேர் முதலில், இனிஷியல் பின்னால். விண்ணப்பத்திலும் அதே வரிசைதான் இருக்க வேண்டும். அறையில் நான் பார்ப்பது பதிவு எண், படம், அடையாள அட்டை. அட்டையில் V என்று தொடங்குகிற பேர் ஹால் டிக்கெட்டில் K என்று தொடங்கினால்தான் எனக்கு நெருடும். கடைசி எழுத்து குறைவதை யாரும் பெரிசாக எடுப்பதில்லை.

செந்தூர் கணேஷ்:
டீச்சர், அறையில் நெருடாது, சரி. தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியலும் அதே குறைந்த பேரில் வந்தால்? VENKATASUBRAMANIAN K என்பவர் யார் என்று கலந்தாய்வில் கேட்பார்களே. K என்பது ஊர்தான், அப்பாவின் எழுத்தைத்தானே இழந்திருக்கிறார்? முன்னால் போட்டிருந்தால் KS VENKATASUBRAMANIA. இரண்டு இனிஷியலும் இருக்கிறது, போனது ஒரு N.

வாசுகி டீச்சர்:
அந்த N போனால் அது அவன் பேரே இல்லை. இனிஷியல் போனால் குறை, பேர் போனால் பிழை. K S என்று இடம்விட்டு இருப்பதை KS என்று சேர்த்ததும் இன்னொரு மாற்றம். இடமே விடாமல் VENKATASUBRAMANIANKS என்று எழுதினால் சரியாக 20இல் அடங்கும். அப்படி எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பேர் IANKS என்று முடிகிறது. அதைவிட மோசமாக எதுவும் இல்லை.

கவுன்டர் பழனி:
டீச்சர், கணேஷ், ஒரு நிமிஷம். ஹால் டிக்கெட்டில் உண்மையிலேயே பேர் வெட்டுப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். விமானத்தில் 20 என்பது விதி. தேர்வில் அப்படிப் பொது விதி கிடையாது, அந்தந்த விண்ணப்பம் செய்தவர் வைத்ததுதான் அளவு. சில சமயம் பதிவில் முழுப் பேர் இருக்கும், அச்சடிக்கிற கட்டத்தின் அகலம்தான் போதாது.

பொருநைக்கரை சார், ஹால் டிக்கெட் பிடிஎஃப்பைத் திறந்து பேரைத் தேர்வுசெய்து காப்பி பண்ணி வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். K S இரண்டும் வந்தால் பதிவு பத்திரமாக இருக்கிறது, அச்சில்தான் மறைந்திருக்கிறது. K மட்டும் வந்தால் லாகின் பண்ணி விண்ணப்பத்தைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் தட்டும்போதே கட்டம் நின்றுபோயிருக்கிறது.

பொருநைக்கரை:
பார்த்துவிட்டேன். பிடிஎஃப்பில் K மட்டும்தான் வருகிறது. லாகின் பண்ணினால் விண்ணப்பத்திலும் K மட்டும். அங்கேயே தட்டிப் பார்த்தேன், 20க்கு மேல் போகவில்லை. திருத்தம் செய்ய இன்னும் தேதி இருக்கிறது.

கவுன்டர் பழனி:
அப்படியானால் பேரில் கை வைக்காதீர்கள். அப்பா பேருக்குத் தனிக் கட்டம் இருக்கும், அதில் SUNDARAM முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் நகலோடு ஹெல்ப் டெஸ்க்குக்கு ஒரு மெயில் அனுப்பி, கட்டம் 20இல் நிற்பதால் கடைசி இனிஷியல் விடுபட்டது என்று எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்பிய தேதியோடு அது உங்கள் கையில் இருக்கும். தேர்வன்று சான்றிதழ் நகல் ஒன்றை மகன் வைத்துக்கொள்ளட்டும்.

வாசுகி டீச்சர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். புள்ளி வைக்கிற வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பல விண்ணப்பங்கள் புள்ளியை ஏற்பதில்லை, ஏற்றாலும் ஒரு கட்டம் வீண்.

செந்தூர் கணேஷ்:
மெயில் அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் ஊர் எழுத்தைக் காப்பாற்றி அப்பா எழுத்தை விடுவதை நான் இன்னும் ஏற்கவில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் VENKATASUBRAMANIAN S என்றுதான் நான் போடுவேன்.

வாசுகி டீச்சர்:
அது சான்றிதழில் இல்லாத பேர் தம்பி. வெட்டுப்பட்ட பேருக்குக் கட்டத்தைக் காரணம் காட்டலாம். நீ மாற்றி எழுதிய பேருக்கு யாரைக் காரணம் காட்டுவாய்?

செந்தூர் கணேஷ்:
அப்பா பேர் கட்டத்தில் இருக்கிற SUNDARAMஐக் காட்டுவேன் டீச்சர். S அதோடு ஒத்துப்போகிறது, K எதோடும் ஒத்துப்போகவில்லை.