பொருள்: ஹீட் கெர்னலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பதிப்பாள் எழுதியது:

வணக்கம். கைக்கு வந்திருக்கும் கணித நூலில் ஓர் அத்தியாயம், முடிவில்லாத நீளமுள்ள கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பது. ஃபூரியர் உருமாற்றம் செய்து தீர்த்தால் விடையில் மணி வடிவச் சார்பு ஒன்று வருகிறது. ஆசிரியர் அதை "வெப்பக்கரு" என்கிறார். படிக்கும்போது எனக்கு அணுக்கருதான் கண்முன் நிற்கிறது. போதாததற்கு, இரண்டு பக்கம் முன்னால் உருமாற்றத்துக்குள் இருக்கும் e^(-iωx)-ஐயும் "கரு" என்றே எழுதியிருக்கிறார். வேறு சொல் உண்டா?

நிரலன் எழுதியது:

கெர்னலுக்குக் "கருனி" என்று ஏற்கெனவே புழங்குகிறதே. இயங்குதளத்தின் நடுப்பகுதி. அதையே வைத்துக்கொள்ளலாம்.

கணக்காயர் எழுதியது:

தம்பி, இது அந்தக் கெர்னல் இல்லை. பெயர் வைப்பதற்கு முன் அந்தச் சார்பு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

u_t = k u_xx என்ற சமன்பாட்டை x-இல் உருமாற்றினால், இரண்டாம் வகைக்கெழு -ω² என்ற பெருக்கலாகிவிடும். ஒவ்வொரு ω-வும் மற்றவற்றைக் கண்டுகொள்ளாமல் தனித்தனியே e^(-kω²t) என்று தேயும். அலை இரு மடங்கு நெருக்கமானால் நான்கு மடங்கு வேகமாகச் சாகும். திரும்ப x-க்கு வந்தால்:

```
K(x,t) = e^(-x²/(4kt)) / √(4πkt)
u(x,t) = ∫ K(x-y,t) f(y) dy
```

தொடக்கத்தில் y என்ற இடத்தில் இருந்த வெப்பம் ஒவ்வொன்றும் ஒரு மணியாக விரிகிறது. எல்லா மணிகளையும் கூட்டினால் விடை. தொகையிடலுக்குள் நின்று இன்னொரு சார்பைப் பெருக்குவது எதுவோ அது கரு. அந்த வகையில் e^(-iωx)-உம் கரு, K-உம் கரு. ஆசிரியர் தவறாக எழுதவில்லை, முன்னொட்டுதான் போதவில்லை. உருமாற்றக்கரு என்று முதலாவதைச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

யாப்பன் எழுதியது:

வடிவத்தை வைத்தே "தேய்மணி" எனலாமே? நேரம் ஆக ஆக மணி தாழ்கிறது, வெப்பம் குறைந்துகொண்டே போகிறது.

கணக்காயர் எழுதியது:

மணி தாழ்வது சரி. வெப்பம் குறையவில்லை ஐயா. k-ஐ நொடிக்கு 1 ச.செ.மீ. என்று வையுங்கள், செம்பு ஏறத்தாழ அவ்வளவுதான். 1 நொடியில் உச்சி 0.28, அகலம் √(2kt) = 1.4 செ.மீ. 4 நொடியில் உச்சி பாதியாகி 0.14, அகலம் இரு மடங்காகி 2.8 செ.மீ. அடியில் அடங்கும் பரப்பு எப்போதும் 1. ω = 0 என்று போட்டால் e^(-kω²t) எந்த t-க்கும் 1 தானே, அதுதான் அந்தப் பரப்பு. கீழே √(4πkt)-க்குப் பதில் √(2πkt) என்று அச்சாகியிருந்தால் இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும். பதிப்பாளம்மா, நூலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபூரியரின் 2π-ஐ ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் வைப்பார்கள், பிழை வருவது அங்கேதான்.

நிரலன் எழுதியது:

இப்போது புரிகிறது அண்ணா. போன மாதம் 40 செ.மீ. செம்புக் கம்பியைக் கணினியில் ஓட்டினேன். நடுவில் சூடு, இரு முனையிலும் வெப்பம் வெளியேறாதபடி அடைப்பு. 10 நொடி வரை இந்த மணியோடு ஒட்டிப்போனது. 100 நொடியில் முனைகளில் எனக்கு ஏறக்குறைய இரு மடங்கு வந்தது. நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன்.

கணக்காயர் எழுதியது:

நிரல் சரி. 100 நொடியில் அகலம் 14 செ.மீ., முனையோ நடுவிலிருந்து 20 செ.மீ. தான். மணி கம்பியைத் தாண்டிவிட்டது. தாண்டிய பகுதி முனையில் பட்டுத் திரும்புகிறது. 10 நொடியில் அகலம் 4.5 செ.மீ. தான், அதனால் முனை இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

சொல்லுக்கு வருகிறேன். "விரவல்" பாடநூல்களில் இருக்கிறது, ஆனால் விரவுதல் என்றால் ஒன்றோடொன்று கலப்பது. வெப்பம் எதோடு கலக்கிறது? "பரவுகரு" என்பேன்.

யாப்பன் எழுதியது:

பரவுகரு வினைத்தொகை. பரவிய கரு, பரவுகின்ற கரு, பரவும் கரு என்று முக்காலமும் ஏற்கும். பரவுதல் என்றால் போற்றுதலும் ஆகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கணக்காயர் எழுதியது:

முக்காலம் மட்டும் ஒத்துவராது! t-ஐ எதிர்மறையாக்கினால் e^(-kω²t) ω-வோடு சேர்ந்து கட்டுக்கடங்காமல் வளரும், திரும்ப உருமாற்றவே முடியாது. இந்தக் கருவுக்கு இறந்தகாலம் கிடையாது.

பதிப்பாள் எழுதியது:

புள்ளியியல் அத்தியாயத்தில் "பரவல்" வேறு பொருளில் வருகிறது. முட்டாதா?

கணக்காயர் எழுதியது:

முட்டட்டும். K என்பது விலக்க வர்க்கச் சராசரி 2kt கொண்ட இயல்நிலைப் பரவலேதான்.

பதிப்பாள் எழுதியது:

சரி, "உருமாற்றக்கரு", "பரவுகரு" இரண்டையும் ஆசிரியருக்கு அனுப்புகிறேன். K-ஐயும் f-ஐயும் சேர்க்கும் அந்தத் தொகையிடலுக்கு அவர் "சுருளல்" என்று எழுதியிருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

யாப்பன் எழுதியது:

எனக்கும்தான். அங்கே எதுவும் சுருளவில்லையே, விரிகிறதல்லவா? அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.