பாடப் பதிவேட்டை அடுத்த சைட் டீம் பயன்படுத்த வைப்பது எப்படி?

அடுக்குமாடிக் கட்டுமானத்தில் இருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறோம். சைட்டில் நடந்த தவறுகளிலிருந்து கற்ற பாடங்களை வாராந்திரக் கூட்டத்திலேயே ஒரு எக்செல் பதிவேட்டில் எழுதிவிடுகிறோம்; கடைசியில் எழுதலாம் என்றால், காரணம் தெரிந்தவர் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்.

உதாரணம், பாத்ரூமில் குழாய்களுக்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாபில் கசிவு. “வாட்டர்ப்ரூஃபிங்கில் கவனம் தேவை” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. “பூச்சு முடிந்தபின் பிளம்பர் துளை போட்டார், இனி துளைகளை முடித்துப் பூசி, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே பள்ளத்தை நிரப்பவும்” என்று எழுதுகிறோம்.

ஆனால் புது டீம் அந்த எக்செல் ஃபைலைத் திறப்பதே இல்லை. அதனால் நிரப்பும் வேலைக்கான அனுமதிப் படிவத்திலேயே அதை ஒரு வரியாகச் சேர்த்தோம். கையெழுத்து இல்லாமல் வேலை நகராது. இப்போது வரிகள் கூடக்கூட, பார்க்காமலே டிக் அடிக்கிறார்கள். பழைய வரிகளை உங்கள் இடத்தில் யார், எந்தக் கட்டத்தில் நீக்குகிறார்கள்?