உதவி: மூடுபனியில் பிளாஷ்பேக் தனியாகத் தெரியவில்லை

மஸ்கெலியா: குறும்படம் ஒன்று எடிட் செய்கிறேன். இன்று தேயிலைத் தோட்ட லயத்தில் தனியாக இருக்கும் பாட்டி, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அண்ணனை நினைக்கிறார். பழைய காட்சிகளுக்கு DaVinci Resolve மென்பொருளில் Saturation-ஐ 50-இலிருந்து 25-ஆகக் குறைத்து, முழு பிரேமுக்கும் Gaussian Blur போட்டேன். பார்த்தவர்கள் எது பழசு, எது இப்போது என்று கேட்கிறார்கள். இரண்டையும் மழைக்காலத்தில், ஒரே லயத்தில்தான் எடுத்தோம்.

கொட்டகலை: கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

பதுளை எடிட்டர்: பிரிந்து தெரியும் என்பது சரிதான். ஆனால் கொழுந்தின் பச்சையும் சேலை நிறமும் போய்விடும். இந்தக் கதைக்கு அவை வேண்டும்.

தம்பி, உங்கள் நிகழ்காலமே பனியில் வெளிறிப்போய் இருக்கிறது. பழசையும் வெளிறவைத்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? மங்கலும் அப்படித்தான். பனியில் கூர்மையான விளிம்பே இல்லாததால் அங்கே அது தெரியாது. முகத்தில் மட்டும் தெரியும், அதையும் போகஸ் தவறிய ஷாட் என்றுதான் நினைப்பார்கள்.

நிகழ்காலத்தை நீலச் சாம்பலாக அப்படியே விடுங்கள். பழசில் Saturation-ஐ 50-க்கே கொண்டுபோய், Temp-ஐக் கூட்டிச் சூடாக்குங்கள். Hue Vs Hue-இல் பச்சையைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். முழு பிரேமுக்கும் மஞ்சள் பூசினால் தேயிலை சேற்று நிறமாகும், முகமும் கெடும். பிளரை வட்ட விண்டோ போட்டு ஓரங்களுக்கு மட்டும் கொடுங்கள், கண்கள் கூர்மையாக இருக்கட்டும். அப்புறம் இரண்டு காலத்திலிருந்தும் ஒவ்வொரு ஸ்டில் எடுத்து, போன் திரையில் சின்னதாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலேயே பிரியாவிட்டால் படத்திலும் பிரியாது.

பண்டாரவளை: எனக்கும் இதே தொல்லை அண்ணே. கல்யாண வீடியோவில் மங்கல் போட்டு அப்லோட் செய்தால் வானத்தில் பட்டை பட்டையாக வருகிறது.

பதுளை எடிட்டர்: அது வேறு தங்கச்சி. பிளர் செய்த வானத்தில் நிறம் மெதுவாக மாறும். அப்லோடின் அமுக்கத்தில் அது படிப்படியாக உடைகிறது. லேசாக கிரெய்ன் சேர்த்தால் குறையும், முழுவதும் போகாது.

மஸ்கெலியா: நிறம் இப்போது பிரிகிறது, நன்றி அண்ணே. ஆனால் வெட்டும் இடம் இன்னும் திடுக்கென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் தகரத்தில் மழைச் சத்தம்.

பதுளை எடிட்டர்: அதுதான் காரணம். சத்தம் மாறாததால் காது இன்னும் அதே அறையில் இருக்கிறது. பழசில் மழையை எடுத்துவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தத்தை வையுங்கள். படம் மாறுவதற்கு ஒரு விநாடி முன்பே, பாட்டியின் முகத்தின் மேல் அது தொடங்கட்டும், மழை மெதுவாக அடங்கட்டும். தப்புக்கு EQ-இல் 4000 Hz-க்கு மேல் குறைத்து, கொஞ்சம் ரிவெர்ப் கொடுத்தால் தூரத்திலிருந்து வருவதுபோல இருக்கும். வசனத்துக்கு ரிவெர்ப் வேண்டாம், சொற்கள் கரைந்துவிடும்.

கொட்டகலை: அண்ணன் பிரிந்துபோகிற காட்சியும் சூடான நிறத்தில்தானா? மனசு ஒப்பவில்லை.

பதுளை எடிட்டர்: நான் மாற்றமாட்டேன், நிறம் காலத்தைத்தான் சொல்கிறது. ஆனால் ஸ்டேஷன் காட்சியை மட்டும் குளிர்த்திப் பார்ப்பதிலும் நியாயம் இருக்கிறது.

மஸ்கெலியா: இரண்டு விதமாகவும் எடுத்து, தோட்டத்தில் பெரியவர்களிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன்.